ரயரில் ஆணி குத்தினால் எங்கே ஒட்டலாம், எங்கே ஒட்டக்கூடாது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் ரயரில் ஆணி ஏறியிருக்கிறது. ஒட்டினால் போதுமா, புது ரயர் போட வேண்டுமா?

மூன்று விடயங்கள் ஒன்றாகப் பொருந்தினால் ஒட்டலாம். துளை, நிலத்தில் உருளும் முகத்தின் நடுப்பகுதியில் இருக்க வேண்டும். அதன் விட்டம் 6 மில்லிமீற்றருக்கு மேற்படக்கூடாது. ரயரைக் கழற்றி உட்புறத்தைப் பார்க்கும்போது வேறு சேதம் எதுவும் தெரியக்கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் ரயரை மாற்றுவதுதான் சரி. பக்கச்சுவரில் ஏற்பட்ட துளைக்கு, அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், கார் ரயரில் ஒட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

கூரைத் தகரம் அடிக்கும் ஆணி, பலகை ஆணி, வேலிக் கம்பித் துண்டு போன்ற நமது ஒழுங்கைகளில் கிடக்கும் பொருட்களில் பெரும்பாலானவை 3 முதல் 5 மில்லிமீற்றர் வரை தடிப்பானவை. ஆகவே பருமனால் ஒரு ரயர் கழிக்கப்படுவது குறைவு. பெரும்பாலும் துளை இருக்கும் இடமும், காற்றுப் போன பிறகு ஓடிய தூரமுமே முடிவைத் தீர்மானிக்கின்றன.

ஆணியைக் கண்டவுடன் பிடுங்கி விடலாமா?

பிடுங்க வேண்டாம். ரியூப் இல்லாத ரயரில் ஆணியே துளையை அடைத்துக்கொண்டிருப்பதால் காற்று மெதுவாகத்தான் இறங்கும். பிடுங்கினால் சில நிமிடங்களில் ரயர் படுத்துவிடும். முதலில் காற்றளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தால், அல்லது சில இறாத்தல்கள்தான் குறைந்திருந்தால், வேண்டிய அளவுக்குக் காற்றடித்து, அருகிலுள்ள ரயர்க் கடைக்கு மெதுவாக ஓட்டிச் செல்லலாம். அளவு மிகவும் குறைந்திருந்தால் நின்ற இடத்திலேயே ஜக் வைத்து மேலதிகச் சில்லை மாட்டுவதே நல்லது.

ஆணி ஏறிய ஒவ்வொரு ரயருக்கும் துளை விழுந்திருக்கும் என்றும் இல்லை. புதிய ரயரின் முகத்தில் பள்ளக் கோடுகளின் ஆழம் மட்டும் 8 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். அதற்குக் கீழே மேலும் இறப்பரும் உருக்குக் கம்பிப் பட்டிகளும் உள்ளன. எனவே தலை பெரிதாகவும் உடல் குட்டையாகவும் உள்ள ஆணி இறப்பர்க் கட்டிக்குள்ளேயே நின்றுவிடலாம். ஆணியைச் சுற்றிச் சவர்க்கார நீரை ஊற்றிக் குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகு, கடையில் வைத்தே அதை எடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டும் இறப்பர்தானே? முகத்தில் ஒட்டலாம், பக்கத்தில் ஒட்டக்கூடாது என்று ஏன் சொல்கிறார்கள்?

வெளியே ஒரே கறுப்பாகத் தெரிந்தாலும் உள்ளே அவை இரு வேறு கட்டமைப்புகள். இன்றைய கார் ரயர்களில் நூலிழைப் படை ஒன்று, றிம்மைப் பற்றும் ஓர் ஓரத்திலிருந்து மற்ற ஓரம் வரை குறுக்காகச் செல்கிறது. உருளும் முகத்தில் அந்தப் படையின் மேல் இரண்டு உருக்குக் கம்பிப் பட்டிகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டியவாறு போடப்பட்டிருக்கும். அவையே அந்தப் பகுதியை விறைப்பாக வைத்திருக்கின்றன. ஓர் ஆணி அந்தப் பட்டிகளில் ஓரிரு இழைகளை அறுத்தாலும் சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான இழைகள் சுமையைத் தாங்கிக்கொள்ளும். உள்ளே ஒட்டப்பட்ட ஒட்டும் அதிகம் அசையாத தளத்தில் உட்கார்ந்திருக்கும்.

பக்கச்சுவரில் உருக்குப் பட்டி இல்லை. அங்கே காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது அந்த நூலிழைப் படையும் அதன் மேலுள்ள மெல்லிய இறப்பரும் மட்டுமே. இழைகள் றிம்மிலிருந்து முகத்தை நோக்கி அருகருகே ஓடுவதால், அறுந்த இழையின் சுமை பக்கத்து இழைகளுக்கே போகிறது. அவையும் தளர்ந்தால் அந்த இடம் வெளியே தள்ளி வீங்கும், பின்னர் வெடிக்கும்.

அதோடு பக்கச்சுவரின் வேலையே மடிந்து நிமிர்வதுதான். ரயரின் எந்தப் பகுதி நிலத்தைத் தொடுகிறதோ, அதற்கு நேர் மேலுள்ள பக்கச்சுவர் வெளியே பிதுங்கி, சுற்று நகர்ந்ததும் பழைய நிலைக்கு வருகிறது. 155/65 அளவுள்ள 14 அங்குல ரயரை எடுத்துக்கொண்டால் அதன் வெளிவிட்டம் ஏறக்குறைய 557 மில்லிமீற்றர். அது ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 570 தடவை சுற்றும். யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதியால் வவுனியா வரையுள்ள சுமார் 140 கிலோமீற்றர் தூரத்துக்குள் பக்கச்சுவரின் ஒவ்வொரு இடமும் 80,000 தடவை அளவில் மடிந்து நிமிர்ந்திருக்கும். அங்கே போடப்பட்ட ஒட்டு அத்தனை தடவையும் வளைய வேண்டும். ஆனால் அது தன்னைச் சுற்றியுள்ள இறப்பரைப் போல வளையாது. அதனால் ஓரங்களில் உரியத் தொடங்குகிறது. ஆனையிறவுப் பக்கத்தில், உச்சி வெயிலில், நேரான வீதியில் வேகமாகப் போகும்போது அது உரிந்தால் காற்று மெதுவாக இறங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆணி முகத்தில்தான் இருக்கிறது, ஆனால் ஓரத்துக்குக் கிட்ட. இதை ஒட்டலாமா?

கடைக்காரருக்கும் வண்டிக்காரருக்கும் இடையே அதிகம் வாதம் நடப்பது இந்த இடத்தில்தான். எனவே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது.

முகமும் பக்கச்சுவரும் சந்திக்கும் தோள்பட்டைக்குக் கீழேதான் உருக்குப் பட்டிகள் முடிகின்றன. பட்டியின் வெட்டப்பட்ட ஓரம் ஏற்கெனவே ரயரில் அதிகம் சூடேறும், அதிகம் இழுபடும் இடம். துளையின் வழியே அங்கே நீரோ காற்றோ சென்றால் படைகள் பிரியத் தொடங்கும். இதனால் தோள்பட்டையையும் பக்கச்சுவரைப் போலவே ஒட்டக்கூடாத பகுதியாகக் கருத வேண்டும். கண்ணால் பார்த்து முதற்கட்டமாக முடிவெடுக்க ஓர் எளிய வழி உண்டு: ரயரைச் சுற்றி ஓடும் பள்ளக் கோடுகளில் இரு பக்கமும் கடைசியாக உள்ளவற்றுக்கு இடையே ஆணி இருந்தால் மேற்கொண்டு பார்க்கலாம், அவற்றுக்கு வெளியே இருந்தால் பெரும்பாலும் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் வெளியே தெரியும் இடம் பாதிக் கதைதான். ஆணி சாய்ந்து ஏறியிருந்தால் உள்ளே அது வேறோர் இடத்தில் வெளிவந்திருக்கும். ஓர் உதாரணத்தை முழுமையாகப் பார்ப்போம். கொடிகாமத்திலிருந்து யாழ் நகருக்கு வந்த ஒரு வாகன் ஆர் காரின் பின் ரயரில் 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஆணி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ரயர் மேலே சொன்ன 155/65 அளவு. நிலத்தில் படும் முகத்தின் அகலம் ஏறக்குறைய 120 மில்லிமீற்றர். ஆணியின் தலை முகத்தின் வெளி ஓரத்திலிருந்து 24 மில்லிமீற்றர் உள்ளே, கடைசிப் பள்ளத்துக்குச் சற்று உட்புறமாகத் தெரிகிறது. வெளியே பார்த்த அளவில் ஒட்டலாம் என்றே தோன்றும்.

ரயரைக் கழற்றி உள்ளே பார்க்கும்போது ஆணி 45 பாகை சாய்ந்து, வெளிப்பக்கமாகச் சென்றிருப்பது தெரிகிறது. அந்த இடத்தில் ரயரின் மொத்தத் தடிப்பு 12 மில்லிமீற்றர் என்றால், 45 பாகைச் சாய்வில் ஆணி பக்கவாட்டிலும் அதே 12 மில்லிமீற்றர் நகரும். ஆகவே உள்ளே அதன் முனை ஓரத்திலிருந்து வெறும் 12 மில்லிமீற்றர் தூரத்தில், தோள்பட்டைக்குள் வந்து நிற்கிறது. இனி ஒட்டை நினைத்துப் பாருங்கள். 45 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஓர் ஒட்டின் நடுவை அந்தத் துளையில் வைத்தால் எல்லாப் பக்கமும் 22 மில்லிமீற்றருக்கு மேல் பரவும். ஒரு பக்கத்தில் 12 மில்லிமீற்றர்தான் மீதமுள்ளதால், ஒட்டின் விளிம்பு தோள்பட்டையைத் தாண்டிப் பக்கச்சுவரின் வளைவில் ஏறிவிடும். நிலத்தில் படும் முகத்தில் குத்திய ஆணிதான் என்றாலும், போடப்படும் ஒட்டு பக்கச்சுவர் ஒட்டாகிவிடுகிறது. இந்த ரயரை ஒட்டக்கூடாது.

அதே ஆணி நேராக ஏறியிருந்தால், உள்ளேயும் 24 மில்லிமீற்றர் தூரத்திலேயே இருந்திருக்கும். ஒட்டின் விளிம்பும் சமதளத்துக்குள் அடங்கியிருக்கும். உட்புறமும் சுத்தமாக இருந்தால் கவனமாகச் செய்யும் ஒரு கடையில் ஒட்டலாம் என்பேன், ஆனால் அதுவும் எல்லையை ஒட்டிய முடிவுதான். துளையின் சாய்வு 25 பாகைக்கு மேற்பட்டால், துளை நடுப்பகுதியில் இருந்தாலும், துளையை நிரப்பும் தண்டும் உட்புறத்தை மூடும் ஒட்டும் ஒன்றாக வார்க்கப்பட்ட வகை சரியாக உட்காராது. தண்டைத் தனியாகவும் ஒட்டைத் தனியாகவும் போட வேண்டும். சாய்வை அறிய, ஆணியை எடுத்த பிறகு மழுங்கிய கம்பி ஒன்றைத் துளைக்குள் மெதுவாக விட்டு அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

றிம்மிலிருந்து கழற்றாமலே ஐந்து நிமிடத்தில் வெளியால் பிளக் குத்தித் தருகிறோம் என்கிறார்கள். அது போதாதா?

வீடு போய்ச் சேர அது உதவும். தீவகத்துக்கோ, சங்குப்பிட்டியால் பூநகரிக்கோ போன வழியில் காற்றுப் போனால் நானும் அதைத்தான் செய்யச் சொல்வேன். அதை நிரந்தர ஒட்டாக எண்ணி மாதக்கணக்கில் ஓடுவதுதான் தவறு.

முதற்காரணம், உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. மேலே சொன்ன சாய்ந்த ஆணிக்கு வெளியிலிருந்து பிளக் குத்தினால் அது தோள்பட்டைக்குள் போய் இருப்பது யாருக்கும் தெரியவராது. இரண்டாவது, பிளக் குத்துவதற்கு முன் துளையை அரம் போன்ற ஊசியால் முன்னும் பின்னும் இழுத்துப் பெரிதாக்குவார்கள். கை பலத்தால் செய்யும்போது உருக்கு இழைகள் மேலும் அறுபடலாம். மூன்றாவது, ரயரின் உட்புறத்தில் காற்றை வெளியே விடாமல் தடுக்கும் மெல்லிய இறப்பர்ப் படை ஒன்று உண்டு. பிளக் துளையை அடைத்தாலும் அந்தப் படையில் விழுந்த கிழிசலை மூடுவதில்லை. அந்த வழியால் காற்று படைகளுக்கு நடுவே ஊடுருவலாம்.

இதன் மறுதலையும் உண்டு. உள்ளே ஒட்டு மட்டும் போட்டுத் துளையை நிரப்பாமல் விட்டால், மழைநீர் வெளியிலிருந்து உருக்குப் பட்டி வரை இறங்கித் துருவை உண்டாக்கும். காற்று ஒரு துளியும் போகாது; எனவே வண்டிக்காரர் எல்லாம் சரியென்றே நினைத்திருப்பார். துளையையும் நிரப்பி உட்புறத்தையும் மூடுவதுதான் முழுமையான திருத்தம். காளான் வடிவில் தண்டும் குடையும் சேர்ந்து வரும் ஒட்டு அதற்காகவே உள்ளது.

காற்றுப் போனது தெரியாமல் கொஞ்சத் தூரம் ஓட்டிவிட்டேன். துளை நடுவில்தான் இருக்கிறது.

அப்படியானால் துளையை மறந்துவிட்டுப் பக்கச்சுவரின் உட்புறத்தைப் பாருங்கள். காற்றில்லாமல் உருண்டபோது வண்டியின் பாரத்தால் பக்கச்சுவர் றிம்முக்கும் வீதிக்கும் இடையே நசுங்கி, மடிந்து, சூடேறியிருக்கும். கழற்றியவுடன் ரயருக்குள்ளிருந்து கறுப்புத் தூளோ சிறு இறப்பர் உருண்டைகளோ கொட்டினால் அது உட்புறம் அரைபட்டதற்கான அடையாளம். கையை உள்ளே விட்டுப் பக்கச்சுவரைச் சுற்றித் தடவும்போது ஒரு வளையமாகச் சுரசுரப்போ சுருக்கமோ தட்டுப்பட்டால், அல்லது அந்த வளையம் நீலம் பாய்ந்து தெரிந்தால், அல்லது நூலிழை வெளியே வந்திருந்தால், அந்த ரயரைக் கழித்துவிட வேண்டும். ஆணித் துளையைச் சிறப்பாக அடைத்தாலும் அரைபட்ட நூலிழைகளை யாரும் திருத்த முடியாது.

இத்தனை கிலோமீற்றர் வரை பாதிப்பில்லை என்று ஓர் எல்லை சொல்ல முடியாது. பாரம், வேகம், வீதியின் சூடு எல்லாமே இதில் சேர்கின்றன. ஆட்களோடு நிறைந்த வான் ஒன்று சில நூறு மீற்றரிலேயே ரயரைக் கெடுத்துவிடலாம்.

வீதியோரத்தில் உரசிப் பக்கச்சுவரில் காயம் வந்துள்ளது. காற்றுப் போகவில்லை. பயப்பட வேண்டுமா?

காப்பெற் போட்ட வீதிகளின் விளிம்பிலிருந்து சில்லு கீழே இறங்கி மீண்டும் ஏறும்போதும், சுண்ணக்கல் மதில் ஓரத்தில் திருப்பும்போதும் இப்படிப்பட்ட காயங்கள் வருகின்றன. மேலிறப்பர் மட்டும் உரிந்து, உள்ளே நூலிழை தெரியாமல், வீக்கமும் இல்லாமல் இருந்தால் ரயரைத் தொடர்ந்து பாவிக்கலாம். சில நாட்களுக்கு ஒருமுறை அந்த இடத்தைப் பாருங்கள். வெட்டை விரலால் சற்று விரித்துப் பார்க்கும்போது நூலிழை தெரிந்தால், காற்றுப் போகாவிட்டாலும் அந்த ரயரின் காலம் முடிந்துவிட்டது. அதன் மேல் பசையைப் பூசி மூடுவதால் காயம் கண்ணுக்குத் தெரியாமல் போகுமே தவிர வேறு பயன் இல்லை.

வெளியே உருண்டையாகத் தள்ளிய வீக்கம் எப்போதும் ஆபத்தானது. குழியில் விழுந்த அடியில் உள்ளிழைகள் அறுந்ததால் காற்று அந்த இடத்தைத் தள்ளுகிறது என்பதே அதன் பொருள். ஆனால் றிம்மிலிருந்து முகத்தை நோக்கிச் செல்லும் மெல்லிய உட்குழிவு ஒன்றைக் கண்டு சிலர் பதறுவதுண்டு. அது தொழிற்சாலையில் நூலிழைப் படையின் இரு முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இணைத்த இடம். அங்கே இழை அடர்த்தியாக இருப்பதால் சற்று உள்வாங்கித் தெரிகிறது. அது சேதமல்ல. கையால் தடவிப் பார்த்தால் வீக்கமா குழிவா என்பது உடனே விளங்கிவிடும்.

பக்கச்சுவரில் துளை விழுந்த ரயருக்குள் ரியூப் போட்டு ஓடலாம் என்கிறார்களே?

நம் பகுதியில் அதிகம் கேட்கப்படும் யோசனை இது, அதிகம் ஏமாற்றுவதும் இதுவே. ரியூப் காற்றைப் பிடித்து வைக்கும். ஆனால் அந்தக் காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது ரியூப் அல்ல, ரயரின் நூலிழைப் படைதான். இழை அறுந்த இடம் அறுந்தபடியே இருக்க, ரியூப் அந்த இடைவெளியில் பிதுங்கி நிற்கும். வெட்டின் விளிம்பு ஒவ்வொரு சுற்றிலும் அதை உரசும். கடைசியில் ரியூப் கிழியும்போது காற்று முழுவதும் ஒரே கணத்தில் வெளியேறும். காற்றுப் போகாத வரை எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றுவதுதான் இதில் உள்ள கெடுதல்.

கடையில் ஒட்டும்போது நான் எதைக் கவனிக்க வேண்டும்?

ஆணியை எடுத்துச் சாய்வைப் பார்த்த பின், துளையை அதன் வழியிலேயே சுழலும் வெட்டியால் ஒரே அளவாகத் துளைத்துச் சுத்தமாக்க வேண்டும். பின்னர் உட்புறத்தை ஒட்டின் அளவைவிடச் சற்றுப் பெரிதாக, மெதுவாகச் சுழலும் கல்லால் தேய்த்துச் சீரான மங்கலான தளமாக்கி, தூளை முழுதாக அகற்ற வேண்டும். இங்கே அவசரப்பட்டுக் காற்றுத் தடுப்புப் படையையே தேய்த்துத் துளைத்துவிடுபவர்கள் உண்டு.

அடுத்து பசை. பலர் தவறுவது இதில்தான். பசையை மெல்லியதாகப் பூசி, தானாகக் காயவிட வேண்டும். விரலின் பின்புறத்தால் தொட்டால் ஈரம் ஒட்டாமல், பிசுபிசுப்பு மட்டும் தெரிய வேண்டும். சில இடங்களில் நேரத்தை மிச்சப்படுத்த லைற்றரால் பசையைக் கொளுத்தி அணைப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஈரமான பசையில் வைத்த ஒட்டும், எரிந்த பசையில் வைத்த ஒட்டும் முதல் நாள் நன்றாகவே இருக்கும். ரயர் சூடேறிய பிறகுதான் விளிம்பு கிளம்பும்.

தண்டை உள்ளேயிருந்து வெளியே இழுத்து, குடைப்பகுதியைப் பல்லுருளையால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி அழுத்தி உருட்ட வேண்டும். விளிம்பிலிருந்து தொடங்கினால் நடுவில் காற்று சிக்கிவிடும். ரயரை மாட்டிக் காற்றடித்த பிறகு, ஒட்டிய இடத்தை மட்டுமன்றி வால்விலும் றிம் ஓரத்திலும் சவர்க்கார நீர் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டு நன்றாக இருக்க, பழைய வால்வால் காற்றுப் போவது புதிதல்ல. அடுத்த நாள் காலையில் ஓடுவதற்கு முன் காற்றளவை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஓர் ஒட்டு உள்ள ரயரில் மறுபடியும் ஆணி குத்தினால்?

இரண்டு ஒட்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத அளவுக்கு விலகியிருந்தால் ஒட்டலாம். ஆனால் ரயரின் தேய்வையும் அப்போது பாருங்கள். பள்ளங்களுக்குள் ஆங்காங்கே தெரியும் சிறு மேடுகள் 1.6 மில்லிமீற்றர் உயரமுள்ளவை. முகம் தேய்ந்து அவற்றின் மட்டத்துக்கு வந்துவிட்டால் அது மொட்டை ரயர், அதை ஒட்டுவது காசுக்குக் கேடு.

லொறி, உழவு இயந்திர ரயர்களில் பக்கச்சுவரை ஒட்டுகிறார்களே?

அவற்றின் நூலிழையமைப்பும் தடிப்பும் வேறு. அவற்றுக்கென இழையால் வலுவூட்டப்பட்ட பெரிய ஒட்டுகளும் சூட்டில் பதப்படுத்தும் முறையும் உண்டு, அதிலும் வெட்டின் நீளத்துக்கு வரம்பு உண்டு. வயலில் மெதுவாக ஓடும் உழவு இயந்திரத்துக்குப் போட்டதை வேகமாக ஓடும் காருக்கு அளவுகோலாகக் கொள்ள முடியாது.

ரியூப் உள்ள மோட்டார் சைக்கிளுக்கும் இதே விதியா?

ரியூபில் விழுந்த துளையை ஒட்டலாம். அது வேறு வேலை. ஆனால் ரியூபை ஒட்டியவுடன் ரயரை அப்படியே மாட்டிவிடாமல், ஆணி இன்னும் உள்ளே இருக்கிறதா என்று துணியொன்றால் சுற்றித் துடைத்துப் பாருங்கள். வெறுங்கையால் தடவினால் முனை கையைக் கிழிக்கும். ரயரின் பக்கச்சுவர் வெட்டுப்பட்டிருந்தால் மேலே ரியூப் பற்றிச் சொன்னது இங்கும் அப்படியே பொருந்தும். இரண்டே சில்லுகளில் நிற்கும் வண்டி என்பதால், குறிப்பாக முன் ரயரில், எல்லையில் இருக்கும் காயத்தை ஒட்டிப் பார்க்கலாம் என்ற முடிவை நான் எடுக்கமாட்டேன்.